முட்டை ஓடு உடைகிறதா? வயதைக் கேளுங்கள், இனத்தைக் கேளுங்கள், பிறகு தீவனத்தைத் தொடுங்கள்

உடைசல் கூடிவிட்டது என்றால் பண்ணையில் முதலில் எழும் குரல் “கால்சியத்தைக் கூட்டு” என்பதுதான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில் தீவனச் செலவு கூடும், உடைசல் அப்படியே இருக்கும். காரணம் எளியது. ஓட்டின் பலமும் முட்டையின் அளவும் மஞ்சள் கருவின் பங்கும் தனித்தனியாக மாறுவதில்லை. கோழியின் வயது அவற்றைச் சேர்த்தே நகர்த்துகிறது. அது எங்கிருந்து தொடங்கி எதுவரை போகலாம் என்பதை இனம் முடிவு செய்கிறது. அந்த இயல்பான நகர்வு எது, கோளாறு எது என்று பிரிக்காமல் மருந்தைத் தொடக்கூடாது.

நாமக்கல் பக்கத்துக் கூண்டுப் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெக்ஹார்ன் வழிக் கோழிகளை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். நாட்டுக்கோழிக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

முதலில் எடை போடுங்கள்

ஒரே நாளில் இட்ட முட்டைகளில் ஓர் அட்டை, அதாவது 30 முட்டை, கொட்டகையின் பல வரிசைகளிலிருந்து கலந்து எடுங்கள். பெரியதாகவோ அழகாகவோ பார்த்துப் பொறுக்கக் கூடாது. 0.1 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். ஒவ்வொரு முட்டையையும் தனியாக எடை போட்டு எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் எவ்வளவு என்பதும் வேண்டும்.

பிறகு பத்து முட்டைகளை நன்றாக வேகவைத்து, ஆறவிட்டு, உரித்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து எடை போடுங்கள். பச்சை முட்டையில் மஞ்சள் கருவைப் பிரித்தால் வெள்ளைக் கரு ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். ஓட்டுத் துண்டுகளை உள்சவ்வோடு கழுவி, ஒரு நாள் காயவைத்து எடை போடுங்கள்.

ஓட்டின் தடிமனை முட்டையை உடைக்காமல் அறிய உப்புத் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 130 கிராம் உப்பைக் கரைத்தால் நம் ஊர் வெப்பநிலையில் அதன் ஒப்படர்த்தி 1.080-க்கு அருகில் நிற்கும். அடர்த்திமானி கையில் இருந்தால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதில் மூழ்கும் முட்டையின் ஓடு பரவாயில்லை. மிதப்பது மெல்லிய ஓடு, அட்டையிலும் லாரியிலும் அதிகம் உடைவது அதுதான். முட்டை அன்றைக்கு இட்டதாகவும் அறைச் சூட்டுக்கு வந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பழைய முட்டையில் காற்றறை பெரிதாகிவிடும், நல்ல ஓடும் மிதக்கும். சோதனை முடிந்த முட்டையைக் கழுவித் துடைத்து வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்குச் சேர்க்க வேண்டாம்.

இந்த எண்களோடு கோழியின் வயது (வாரத்தில்), இனம், ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்னும் தீவனம் ஆகியவற்றையும் எழுதிக்கொண்டு, கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போகலாம்.

அறிகுறி: முட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது, கீறலும் உடைசலும் மெல்ல மெல்லக் கூடுகின்றன

கோழி 60 வாரத்தைத் தாண்டியிருக்கிறது, உடைசல் மாதக்கணக்கில் ஏறியிருக்கிறது, முட்டை எடை குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது என்றால் இது வயது. பண்ணையில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் அறிகுறியும் இதுதான். அதனால் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம்.

25 வாரக் கோழியின் முட்டை 50 கிராம், அதில் ஓடு 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே கோழி 72 வாரத்தில் 62 கிராம் முட்டை இடுகிறது, ஓடு 5.3 கிராம். ஓடு குறையவில்லை, சற்றுக் கூடியே இருக்கிறது. ஆனால் முட்டையின் எடை 24 சதவீதம் கூடும்போது அதன் மேற்பரப்பு சுமார் 15 சதவீதம் கூடுகிறது. 50 கிராம் முட்டையின் மேற்பரப்பு ஏறக்குறைய 63 சதுர சென்டிமீட்டர், 62 கிராம் முட்டையுடையது 73. ஆக, இளங்கோழியின் முட்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 79 மில்லிகிராம் ஓடு இருந்தது. வயதான கோழியின் முட்டையில் அது 73-க்கும் கீழே. 8 சதவீதக் குறைவுதானே என்று தோன்றும். ஓட்டின் உடைதிறன் தடிமனின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால், பலத்தில் அது 15 சதவீத இழப்பாகிறது.

அதாவது கோழி கால்சியம் போடாமல் விடவில்லை. அதே மாவை இன்னும் பெரிய தோசையாக இழுக்கிறது.

முட்டை ஏன் பெரிதாகிறது என்பதற்கு விடை சினைப்பையில் இருக்கிறது. இளங்கோழி ஏறக்குறைய நாள்தோறும் ஒரு கருவை விடுவிக்கிறது. கல்லீரல் செய்து அனுப்பும் மஞ்சள் கருப் பொருள் வளர்ந்துகொண்டிருக்கும் பல கருக்களுக்குப் பங்காகிப் போகிறது. வயதாக ஆகக் கரு விடும் இடைவெளி நீள்கிறது. குறைவான கருக்கள், ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பங்கு. பெரிய மஞ்சள் கரு வந்தால் அதைச் சுற்றிச் சேரும் வெள்ளைக் கருவும் கூடும், முட்டை பெரிதாகும். ஓட்டுச் சுரப்பிக்கு மட்டும் அந்த அளவுக்கு வளரும் வாய்ப்பு இல்லை.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் உடல் முழுவதிலும் உள்ளதே 20 கிராமுக்குச் சற்று மேல்தான். ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராம் கால்சியம் அந்த உடல் வழியாகப் போயாக வேண்டும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதன் பெரும்பகுதி இரவில். அப்போது தீவனத் தொட்டி காலியாகவும் கொட்டகை இருட்டாகவும் இருக்கும். குறைவதை நீளெலும்புகளுக்குள் இருக்கும் கால்சியச் சேமிப்பிலிருந்து கோழி எடுத்துக்கொள்கிறது. வயதான கோழியில் குடலின் உறிஞ்சும் திறனும் குறைகிறது, அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்பும் வேகமும் குறைகிறது.

இனிச் செய்ய வேண்டியது. தீவனத்தில் கால்சியத்தை 3.8 சதவீதத்திலிருந்து 4.3 சதவீதம் அளவுக்கு உயர்த்தலாம். சுண்ணாம்புக் கல்லில் சுமார் 38 சதவீதம் கால்சியம் இருப்பதால் 100 கிலோ தீவனத்துக்கு 1.3 கிலோ கூடுதலாகப் போகும். அந்த இடத்துக்குரிய மக்காச்சோளமோ புண்ணாக்கோ குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. அளவை விட முக்கியமானது உருவம். கல் மாவாக மட்டும் போட்டால் மாலைக்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் கரைந்துகொண்டிருக்கும். வயதான கோழிக்குச் சுண்ணாம்பில் பாதிக்கு மேல் குருணையாகவோ உடைத்த கிளிஞ்சலாகவோ இருப்பது நல்லது. நாள் தீவனத்தில் பெரும்பங்கைப் பிற்பகலுக்கு மாற்றினால் இன்னும் பயன் தெரியும். ஓட்டுக்குக் கால்சியம் தேவைப்படும் நேரத்தில் அது வயிற்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனால் ஓடு 25 வார நிலைக்குத் திரும்பாது. சரிவு மெதுவாகும். இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதாவது முட்டை இன்னும் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது. அக்மார்க் தரப்படி 53 கிராமிலிருந்து 59 கிராம் வரை பெரிய முட்டை. எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் சந்தையில் 64 கிராம் முட்டைக்கு 58 கிராம் முட்டையை விடக் கூடுதலாக எதுவும் கிடைக்காத நாட்கள்தான் அதிகம். தீவனத்தில் மெத்தியோனினையும் எண்ணெயையும் வயதுக்கேற்பப் படிப்படியாகக் குறைத்தால் முட்டை எடை ஏறுவது நிற்கும். ஒரேயடியாக வெட்டினால் எண்ணிக்கை சரிந்துவிடும், ஆகவே இதைத் தீவன ஆலோசகரோடு சேர்ந்து செய்யுங்கள்.

சராசரி மட்டும் போதாது என்று மேலே சொன்னதற்குக் காரணமும் இங்கேதான் வருகிறது. வயதான தொகுதியில் கோழிக்குக் கோழி வேறுபாடு விரிகிறது. சராசரி 60 கிராமாகவே இருக்கும், ஆனால் 70 கிராமைத் தொடும் சில முட்டைகள்தான் உடைசலில் பெரும்பங்கைக் கொடுக்கும். அவற்றை எடுக்கும்போதே பிரித்துத் தனி அட்டையில், பக்கத்து ஊர்க் கடைக்கு அனுப்பினால் நெடுந்தூர லாரியில் உடைவது கண்கூடாகக் குறையும்.

அறிகுறி: ஒரே வாரத்தில் ஓடு மெலிந்துவிட்டது, முட்டை எடை கூடவில்லை

வயது ஒரே வாரத்தில் வருவதில்லை. முட்டை எடை அப்படியே இருந்தோ குறைந்தோ, ஓட்டின் எடை மட்டும் சட்டென்று விழுந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

சித்திரை, வைகாசி என்றால் முதல் சந்தேகம் வெயில். கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கால்சியம் கார்பனேட், அதன் கார்பனேட் பாதி அந்த வாயுவிலிருந்துதான் வர வேண்டும். கால்சியம் இருந்தும் ஓடு மெலியும். தீவனமும் குறைவாகத் தின்னும்: 110 கிராம் தின்று 4 சதவீதக் கால்சியத்தில் 4.4 கிராம் பெற்ற கோழி, 90 கிராம் தின்றால் 3.6 கிராமோடு நிற்கிறது. விடியற்காலையிலும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுவது, குளிர்ந்த தண்ணீர், கூரையில் தெளிப்பான், சமையல் சோடா ஆகியவை இங்கே வேலை செய்யும். கல் குருணையை மட்டும் கூட்டினால் செய்யாது.

வெயில் காலமும் இல்லை, ஓட்டில் சுருக்கமும் வரிகளும் இருக்கின்றன, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடுகிறது, எண்ணிக்கையும் விழுந்திருக்கிறது என்றால் மூச்சுக்குழல் அழற்சி நோயாக இருக்கலாம். தோல்முட்டையும் மெல்லோட்டு முட்டையும் திடீரென்று பெருகி, கோழி மட்டும் நலமாகத் தெரிந்தால் முட்டை வீழ்ச்சி நோயை நினைக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலும் இப்படித் தொடங்கலாம். இவற்றில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய எதுவும் இல்லை. இரத்த மாதிரியோடு கால்நடை மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள்.

நோயும் இல்லை, வெயிலும் இல்லை என்றால் புதிதாக வந்த தீவன மூட்டையைப் பாருங்கள். சுண்ணாம்பு போடும் ஆள் மாறியிருப்பார், வைட்டமின் டி3 கலவை பழையதாக இருக்கும், அல்லது மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கும். பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுப்பதால் அப்போது ஓடு மட்டுமல்ல, மஞ்சள் கருவும் சிறுத்துப் போகும். எடை போட்டு வைத்திருந்தால் இந்த வேறுபாடு தெரியும்.

அறிகுறி: முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழி தோல்முட்டை இடுகிறது, இரட்டைக் கரு வருகிறது

முதல் சில வாரங்களில் அங்கொன்று இங்கொன்றாக வந்தால் விட்டுவிடலாம். கரு விடும் ஒழுங்கு இன்னும் அமையவில்லை. இரண்டு கரு ஒன்றாக இறங்கினால் இரட்டைக் கரு, ஓட்டுச் சுரப்பியில் தங்க வேண்டிய நேரம் தங்காமல் வெளியேறினால் தோல்முட்டை. 30 வாரத்துக்குள் அடங்கிவிடும்.

இளங்கோழியே கூண்டில் கால் மடங்கிப் படுத்துக்கொண்டு எழ மறுத்தால் கதை வேறு. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து எலும்புக்குள் கால்சியச் சேமிப்பு உருவாக வேண்டும். அந்த நேரத்தில் 1 சதவீதக் கால்சியம் உள்ள வளர் தீவனத்திலேயே கோழி நின்றிருந்தால், முட்டைக்கு வேண்டியதைத் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கும். முட்டையிடும் முன்பான தீவனத்தில் 2 முதல் 2.5 சதவீதம் இருக்க வேண்டும், முட்டை தொடங்கியவுடன் முழு முட்டைத் தீவனத்துக்கு மாற்றிவிட வேண்டும். படுத்த கோழியைக் கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டு, கிளிஞ்சலைத் தனியாக வைத்தால் பல கோழிகள் எழுந்துகொள்ளும்.

அறிகுறி: 35 வாரம் ஆகியும் முட்டை சிறியது

முதலில் இனம். அசில் போன்ற நாட்டுக்கோழியின் முட்டை 40 கிராமை ஒட்டியே இருக்கும். எந்தத் தீவனமும் அதை 55 ஆக்காது, ஆக்க முயல்வது வீண்செலவு. கடக்நாத்தும் ஏறக்குறைய இந்த வகையில்தான் சேரும்.

லெக்ஹார்ன் வழிக் கோழியே 48 கிராமில் நின்றால், முட்டை தொடங்கிய நாளின் உடல் எடைப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். 1.2 கிலோவைத் தொடும் முன்பே விளக்கு நேரத்தைக் கூட்டி முட்டைக்குத் தள்ளிய தொகுதி, சிறிய உடலோடு சிறிய முட்டையாகவே பெரும்பாலும் தொடரும். இப்போது புரதத்தைக் கூட்டினால் ஓரிரு கிராம் கிடைக்கலாம். மீதி அடுத்த தொகுதிக்கான பாடம்: வயதைப் பார்த்து விளக்கைக் கூட்டாமல், எடையைப் பார்த்துக் கூட்டுங்கள். இந்தச் சிறிய முட்டைக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஓடு கெட்டியாக இருக்கும், உடைசல் மிகக் குறைவு.

அறிகுறி: “மஞ்சள் கரு சின்னதாக இருக்கிறது” என்று வாங்குபவர் புகார் சொல்கிறார்

இந்தப் புகார் பெரும்பாலும் உண்மைதான். புகார் சொல்பவர் ஊகிக்கும் காரணம்தான் தவறு. ஊசி போட்டதாலோ நெகிழி முட்டை என்பதாலோ மஞ்சள் கரு சிறுப்பதில்லை. இளங்கோழியின் முட்டை வந்திருக்கும்.

மேலே சொன்ன 50 கிராம் முட்டையில் மஞ்சள் கரு 12 கிராம் அளவில், அதாவது 24 சதவீதம் இருக்கும். 62 கிராம் முட்டையில் 17.5 கிராம், 28 சதவீதம். வயது கூடக் கூட மஞ்சள் கருவின் எடையும் கூடுகிறது, பங்கும் கூடுகிறது. ஆனால் ஒரே வயதுக் கோழிகளின் முட்டைகளுக்குள் பார்த்தால் நிலைமை தலைகீழ். அங்கே பெரிய முட்டை என்றால் வெள்ளைக் கருதான் அதிகம், மஞ்சள் கருவின் பங்கு குறைவு. ஆகவே ஒரு கடையில் 60 கிராம் முட்டை இரண்டை வாங்கினால், 35 வாரத் தொகுதியில் விதிவிலக்காகப் பெரிதாக வந்ததற்கும் 70 வாரத் தொகுதியின் சாதாரண முட்டைக்கும் மஞ்சள் கருவில் நல்ல வேறுபாடு தெரியும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நாட்டுக்கோழியின் 42 கிராம் முட்டையில் மஞ்சள் கரு 14 கிராம் வரை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஆண்டுக்கு 60, 80 முட்டைதான், அதுவும் இட்டு அடைகாத்து ஓய்ந்து மீண்டும் இடுவதால், ஒவ்வொரு கருவுக்கும் போதிய பொருள் சேர்கிறது. வெள்ளை லெக்ஹார்னைப் பல தலைமுறைகளாக எண்ணிக்கைக்கும் முட்டை எடைக்கும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வில் கூடியது முக்கியமாக வெள்ளைக் கரு. நாட்டு முட்டை “சத்தானது” என்று சொல்வதில் கொழுப்பும் சுவையும் கூடுதல் என்ற அளவில் உண்மை உண்டு, அது இந்தப் பங்குக் கணக்கிலிருந்து வருவது. ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் மஞ்சள் கரு என்று பார்த்தால் 70 வார லெக்ஹார்ன் முட்டைதான் முந்துகிறது. மஞ்சள் கருவின் நிறம் இந்தக் கணக்கில் சேராது. அது மக்காச்சோளமும் கீரையும் கொடுப்பது.

நாட்டு முட்டையின் ஓடு கெட்டி என்பதற்கும் இனத்தின் இரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று மட்டும் காரணமல்ல. சிறிய முட்டையின் வளைவு கூடுதலாக இருப்பதால் அதே தடிமனுள்ள ஓடும் அங்கே அதிகம் தாங்கும். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் நடுவே எலும்புச் சேமிப்பை நிரப்ப நேரமும் இருக்கிறது. அந்தக் கோழியும் மூன்று நான்கு வயதாகி, மேய்ச்சலில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ கிடைக்காமல் போனால் மெல்லிய ஓடு இடத்தான் செய்யும்.

முட்டைத்தூள் ஆலைக்குக் கொடுப்பவர்களும் இந்தப் பங்குக் கணக்கைப் பார்க்க வேண்டும். மஞ்சள் கருவில் பாதி திடப்பொருள், வெள்ளைக் கருவில் 12 சதவீதம்தான். மேலே சொன்ன 50 கிராம், 62 கிராம் முட்டைகளின் உட்பொருளைக் கணக்கிட்டால் இளங்கோழி முட்டையில் திடப்பொருள் 22 சதவீதம், முதிர்ந்த கோழி முட்டையில் 24-ஐ ஒட்டி. லாரியில் அதிகம் உடையும் முதிர்ந்த கோழியின் முட்டை, உடைப்பதற்கென்றே இருக்கும் ஆலைக்குப் பொருத்தமாகிவிடுகிறது, தூரம் குறைவாக இருந்தால்.

அறிகுறி: பழுப்பு முட்டை வெளுக்கிறது

ரோட் ஐலண்ட் ரெட் வழிக் கோழிகள் போன்ற பழுப்பு முட்டை இனங்களில் இதைப் பார்ப்பீர்கள். நிறமி அதே அளவு, பரப்பு பெரிது, ஆகவே வயதோடு நிறம் மங்குவது இயல்பு. ஓட்டின் எடை சரியாக இருந்தால் விட்டுவிடலாம். சில நாட்களிலேயே வெளுத்தால் நோயையும், இரத்தக் கழிச்சலுக்கான நிகார்பசின் மருந்து தவறுதலாகத் தீவனத்தில் கலந்ததா என்பதையும் பாருங்கள்.

இறகு உதிர்த்த பிறகு

இறகு உதிர்த்து ஓய்ந்து மீண்டும் முட்டையிடும் கோழியின் ஓடு சில மாதங்களுக்குத் தேறும், ஓட்டுச் சுரப்பி புதுப்பிக்கப்படுவதால். முட்டை அளவு மட்டும் பின்வாங்காது, பெரியதாகவே தொடரும். அதனால் இரண்டாம் சுற்றில் ஓடு மெலிவது முதல் சுற்றை விட விரைவாக வரும். பட்டினி போட்டு உதிரவைக்கும் பழைய முறையை விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி இந்திய விலங்கு நல வாரியம் எதிர்த்திருக்கிறது. தவிடு மிகுந்த, சத்துக் குறைந்த தீவனத்தைக் கொடுத்து விளக்கு நேரத்தைக் குறைப்பது மாற்று வழி. இரண்டாம் சுற்று லாபமா என்பதை உடைசலையும் கழித்த விலையில் கணக்கிடுங்கள். அதற்கு, ஓய்வு முடிந்து முட்டை நிலைப்பட்ட பிறகு எடுக்கும் முதல் அட்டையை அதே உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பவை எத்தனை என்று எழுதிவைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டாலே போதும்.